பாய்சானை ஏன் விட்டீர்கள்?

புறத் தேர்வாளரின் அறிக்கை நான்கு பக்கம். முதல் இரண்டு பக்கங்களில் பாராட்டும் எழுத்துப் பிழைகளும் கலந்திருந்தன. மூன்றாம் பக்கத்தில் ஏழாவதாக ஒரு வரி: "ஆய்வாளர் நெகட்டிவ் பைனாமியல் மாடலைத் தேர்ந்தெடுத்ததன் காரணத்தை வாய்மொழித் தேர்வில் விளக்க வேண்டும்." மற்ற கேள்விகளுக்கெல்லாம் அன்று மாலைக்குள் பதில் எழுதிவிட்டேன். இந்த ஒரு வரி மூன்று வாரங்களை எடுத்துக்கொண்டது.

என் ஆய்வேடு பள்ளிக்கு வராத நாட்களைப் பற்றியது. 14 அரசுப் பள்ளிகளில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு கல்வியாண்டில் எத்தனை நாள் வரவில்லை என்று வருகைப் பதிவேட்டிலிருந்து எண்ணினேன். வீட்டில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்புள்ள பிள்ளைகளுக்கு அந்த எண்ணிக்கை கூடுகிறதா என்பதுதான் கேள்வி. எண்ணிக்கைத் தரவு என்றதும் பாடப்புத்தகம் காட்டுவது பாய்சான் ரிக்ரஷன். நான் கடைசியில் பயன்படுத்தியது நெகட்டிவ் பைனாமியல். ஏன் மாறினேன்?

முதலில் எழுதிய பதில் மூன்று வரிதான். மாடல்களின் பொருத்தத்தை ஒப்பிட உதவும் ஏ.ஐ.சி. மதிப்பு குறைவாக இருந்தது. பாய்சான் எதிர்பார்ப்பதைவிடத் தரவு அதிகம் சிதறியிருக்கிறதா என்று பார்க்கும் மிகைப்பரவல் சோதனையில் பி மதிப்பு மிகச் சிறியதாக வந்தது. இத்துறையின் முந்தைய ஆய்வுகளும் இதையே பயன்படுத்தியுள்ளன. நெறியாளர் படித்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

"மூன்றும் உண்மைதான் அம்மா. ஆனால் இதில் காரணம் எங்கே இருக்கிறது?"

எனக்குப் புரியவில்லை.

"ஏ.ஐ.சி. குறைந்தது என்பது இரண்டையும் ஓட்டிப் பார்த்த பிறகு தெரிந்தது. அதை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று முதலில் ஏன் தோன்றியது? அதைத்தான் அவர் கேட்கிறார். முந்தைய ஆய்வுகள் செய்தன என்றால், அவர்கள் ஏன் செய்தார்கள் என்று அடுத்த கேள்வி வரும்."

பிறகு அவர் சொன்ன யோசனைதான் என்னைக் காப்பாற்றியது. சொந்தத் தரவை வைத்துப் பயிற்சி எடுக்காதீர்கள். அதன் மேல் நான்கு வருடப் பாசம் இருக்கிறது, எந்தக் கேள்வி கேட்டாலும் கோபம்தான் வரும். வேறொருவருடைய தரவை எடுத்து அதற்குப் பதில் சொல்லிப் பழகுங்கள் என்றார். எடுத்துக் கொடுத்தது `quine` என்ற தரவுத் தொகுப்பு. ஆர் மென்பொருளின் `MASS` தொகுப்போடு வருவது, யாரும் திறந்து பார்க்கலாம். அதுவும் ஒரு முனைவர் பட்ட ஆய்வேட்டிலிருந்து வந்ததுதான்: 1975இல் கான்பெராவிலுள்ள ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் குவைன் என்பவர் சமர்ப்பித்தது. 1978இல் ஐட்கின் என்ற புள்ளியியலாளர் தம் கட்டுரையொன்றில் அதை அலசிய பிறகு ஊரெல்லாம் தெரிந்த தரவாகிவிட்டது. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் வால்கெட் என்ற ஊரில் 146 பிள்ளைகள் ஒரு பள்ளியாண்டில் எத்தனை நாள் வரவில்லை என்பதே அதன் உள்ளடக்கம். பூர்வகுடிப் பிள்ளையா இல்லையா, ஆணா பெண்ணா, எந்த வயதுப் பிரிவு, கற்றலில் வேகம் எப்படி என்று நான்கு விவரங்கள் கூடவே உண்டு. என் ஆய்வின் தூரத்துச் சொந்தம் என்றே சொல்லலாம்.

சராசரி 16.46 நாள். பரவற்படி, அதாவது சராசரியிலிருந்து ஒவ்வொருவரும் விலகும் தூரத்தின் வர்க்கங்களுடைய சராசரி, 264.17. பாய்சான் பரவலில் இவ்விரண்டும் சமமாக இருக்க வேண்டும். இங்கே ஒன்று மற்றொன்றைப் போல் 16 மடங்கு. ஒரு நாள்கூடத் தவறாத பிள்ளைகள் 9 பேர். ஒரு பிள்ளை 81 நாள் வரவில்லை.

இதைச் சொன்னால் போதும் என்று நினைத்தேன். நெறியாளர் தேர்வாளராக வேடம் கட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். "சராசரியும் பரவற்படியும் சமமாக இல்லை என்பது சரி. நீங்கள் கணக்கிட்டது 146 பேரையும் ஒரே குவியலாகக் கொட்டி. வயதுக்கு ஏற்ப, பிரிவுக்கு ஏற்ப விடுப்பு மாறுகிறது என்றால் குவியலின் பரவல் தானாகவே கூடும். பாய்சான் மாடல் கேட்பது, ஒரே மாதிரியான பிள்ளைகளுக்குள் அவை சமமா என்பது மட்டும்தான். அதைப் பார்த்தீர்களா?"

பார்க்கவில்லை. ஆய்வேட்டின் நான்காம் இயலில் குவியலின் சராசரியையும் பரவற்படியையும் அட்டவணையாகப் போட்டு, "எனவே" என்று எழுதியிருந்தேன். அந்த "எனவே" நிற்காது. நான்கு விவரங்களையும் சேர்த்த பிறகு மிச்சமிருப்பதைத்தான் பார்த்திருக்க வேண்டும்.

```r
library(MASS)
m1 <- glm(Days ~ Eth + Sex + Age + Lrn, family = poisson, data = quine)
m2 <- glm.nb(Days ~ Eth + Sex + Age + Lrn, data = quine)
summary(m1); summary(m2)
```

இந்த நான்கு வரிகளை ஓட்டினால் பாய்சான் மாடலின் எஞ்சிய விலகல், அதாவது மாடல் தரவிலிருந்து விலகி நிற்கும் அளவு, 1696.7 என்று வரும். கட்டின்மைக் கூறுகள், அதாவது பிள்ளைகளின் எண்ணிக்கையிலிருந்து மாடல் மதிப்பிட்ட கெழுக்களின் எண்ணிக்கையைக் கழித்தது, 139. மாடல் பொருந்தியிருந்தால் முதல் எண் இரண்டாவதை ஒட்டி இருக்க வேண்டும். இங்கே அது 12 மடங்கு. ஆக, விவரங்களைச் சேர்த்தும் பரவல் அடங்கவில்லை. நெகட்டிவ் பைனாமியலில் அதே விலகல் 167.95. இப்போதுதான் "எனவே" என்று எழுதலாம்.

ஆனாலும் இது பொருந்தவில்லை என்பதற்கான ஆதாரம் மட்டுமே. ஏன் பொருந்தவில்லை என்பதற்குப் பதில் கணினியில் இல்லை, வகுப்பறையில் இருக்கிறது. ஒரே வயது, ஒரே பிரிவு, ஒரே கற்றல் வேகம் கொண்ட இரண்டு பெண் பிள்ளைகளை எடுத்துக்கொள்வோம். இருவருக்கும் ஒரே விடுப்பு வேகம் என்கிறது பாய்சான். வேறுபாடு இருந்தால் அது வெறும் தற்செயல். ஆனால் ஒருத்தியின் அம்மா அதிகாலையில் வேலைக்குப் போகிறவர், இன்னொருத்தியின் பாட்டி வீட்டிலேயே இருக்கிறார். பதிவேட்டில் இது வராது, என் கேள்வித்தாளிலும் முழுதாக வராது. ஒவ்வொரு பிள்ளைக்கும் நாம் அளக்காத சொந்த வேகம் ஒன்று உண்டு. அந்த வேகங்கள் காமா பரவலைப் பின்பற்றுகின்றன என்று எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு வேகத்துக்கும் ஒரு பாய்சானை வைத்தால், மொத்தத்தில் கிடைப்பதுதான் நெகட்டிவ் பைனாமியல். இன்னொரு காரணமும் உண்டு. விடுப்பு நாட்கள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வரும். காய்ச்சல் வந்தால் மூன்று நாள் சேர்ந்தே போகும். திருவிழாவுக்கு ஊருக்குப் போனால் ஒரு வாரம். `quine` தரவை வரிவரியாகப் படித்தபோது 5 என்ற எண் கண்ணை உறுத்தும் அளவுக்குத் திரும்பத் திரும்ப வந்தது. ஒரு பள்ளி வாரத்துக்கு ஐந்து நாள் என்பதை நினைத்துக்கொண்டேன். நாட்கள் தனித்தனியாக, ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் நிகழ்கின்றன என்ற பாய்சானின் அடிப்படையே ஆட்டம் காண்கிறது. இதெல்லாம் தரவைத் தொடுவதற்கு முன்பே ஒரு ஆசிரியைக்குத் தெரிந்த விஷயம். நான் ஆறு வருடம் ஆசிரியையாக இருந்தவள். அதை விட்டுவிட்டு ஏ.ஐ.சி.யைப் பிடித்துத் தொங்கியிருக்கிறேன்.

அடுத்து, தவறான மாடலைத் தேர்ந்திருந்தால் என்ன கெட்டுப்போயிருக்கும் என்பது. தேர்வாளர்கள் அதிகம் மதிப்பது இந்தப் பகுதியைத்தான் என்பது என் எண்ணம், ஆனால் இதைத் தானாக முன்வந்து சொல்பவர்கள் குறைவு. `quine` தரவில் ஆண் பிள்ளைகளுக்கான கெழுவைப் பாருங்கள். பாய்சானில் 0.162, திட்டப் பிழை 0.043. கெழுவைத் திட்டப் பிழையால் வகுத்தால் 3.8. ஆண் பிள்ளைகள் சுமார் 18 சதவீதம் அதிகம் விடுப்பு எடுக்கிறார்கள், இது தற்செயலல்ல என்று துணிந்து எழுதிவிடலாம். நெகட்டிவ் பைனாமியலில் அதே கெழு 0.082, திட்டப் பிழை 0.160. வகுத்தால் 0.5. சொல்வதற்கு ஒன்றுமே இல்லை. ஒரே பிள்ளைகள், ஒரே பதிவேடு. ஒரு மாடலில் முழு இயல் எழுதத்தக்க கண்டுபிடிப்பு, இன்னொன்றில் வெறும் இரைச்சல். பூர்வகுடிப் பிரிவுக்கான கெழு மட்டும் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றே, திட்டப் பிழை நான்கு மடங்கு பெருத்த பிறகும் அது நிற்கிறது. எது நிற்கிறது, எது விழுகிறது என்று சொந்தத் தரவில் இதேபோல் ஒரு சிறு பட்டியல் போட்டேன். என் ஆய்வில் தம்பி தங்கைப் பொறுப்பு நின்றது. வீட்டுக்கும் பள்ளிக்குமான தூரம் விழுந்தது. அந்தத் தூரத்தைப் பற்றிப் பாய்சான் காலத்தில் ஒரு கருத்தரங்கில் பேசியிருந்தேன் என்பது வேறு கதை.

இங்கே விவரம் தெரிந்த தேர்வாளர் கேட்கக்கூடிய கேள்வி ஒன்று உண்டு. திட்டப் பிழைதான் சிக்கல் என்றால், பாய்சானை அப்படியே வைத்துக்கொண்டு பிழையை மட்டும் பெருக்கிக்கொள்ளலாமே, குவாசி பாய்சான் இருக்கிறதே, அதை ஏன் எடுக்கவில்லை? நியாயமான கேள்வி. `quine` தரவில் அது பரவலை சுமார் 13 மடங்கு என்று மதிப்பிடும். திட்டப் பிழைகள் அதன் வர்க்கமூலமான 3.6ஆல் பெருகும், ஆண் பிள்ளைக் கண்டுபிடிப்பு அங்கேயும் விழுந்துவிடும். ஆக, திட்டப் பிழையைச் சரிசெய்யவே நெகட்டிவ் பைனாமியலுக்கு வந்தேன் என்று சொன்னால் மாட்டிக்கொள்வோம்.

வேறுபாடு வேறிடத்தில் இருக்கிறது. குவாசி பாய்சானில் பரவற்படி சராசரிக்கு நேர்விகிதத்தில் கூடுகிறது. நெகட்டிவ் பைனாமியலில் சராசரியின் வர்க்கத்தோடு சேர்ந்து கூடுகிறது. எது உண்மை என்று பார்க்க எளிய வழி உண்டு. பிள்ளைகளை மாடல் கணித்த சராசரியின்படி எட்டுப் பத்துக் குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவின் பரவற்படியையும் சராசரிக்கு எதிரே புள்ளியாக வைக்க வேண்டும். புள்ளிகள் நேர்கோட்டில் போகின்றனவா, மேல்நோக்கி வளைகின்றனவா? என் தரவில் வளைந்தன, ஆனால் கடைசிப் புள்ளி மட்டும் கீழே இறங்கியிருந்தது. அந்தப் படத்தை அச்சிட்டுக் கையில் வைத்துக்கொண்டேன், கடைசிப் புள்ளியை மறைக்காமல்.

ஆண் பிள்ளைக் கெழு 0.162இலிருந்து 0.082ஆகக் குறைந்தது ஏன் என்பதற்கும் பதில் இங்கேதான் கிடைத்தது. பாய்சானும் குவாசி பாய்சானும் அதிக விடுப்பு எதிர்பார்க்கப்படும் பிள்ளைகளுக்கு அதே விகிதத்தில் அதிக எடை தருகின்றன. நெகட்டிவ் பைனாமியலில் அந்த எடை ஓரளவுக்கு மேல் ஏறாது. அதனால் திட்டப் பிழை மட்டுமல்ல, கெழுவே நகர்கிறது. விடுப்பு மிகுந்த குழுக்கள் பேசுவதை மட்டும் கேட்க வேண்டுமா, எல்லோரும் பேசுவதைக் கேட்க வேண்டுமா என்பதே தேர்வு. எனக்கு இரண்டாவது வேண்டும், ஏனென்றால் என் கேள்வி எல்லாப் பிள்ளைகளையும் பற்றியது. இந்தப் பதிலை எழுதி முடித்த அன்று இரவு நன்றாகத் தூங்கினேன்.

பூச்சியங்களைப் பற்றியும் கேட்பார்கள். நிறையப் பூச்சியம் இருந்தால் பூச்சியம் மிகுந்த மாடல் என்று தனியாக ஒன்று இருக்கிறதே, அது ஏன் இல்லை? இதற்குத் தாளும் கால்குலேட்டரும் போதும். `quine` தரவில் சராசரியையும் பரவற்படியையும் மட்டும் வைத்துக் கணக்கிட்டால், நெகட்டிவ் பைனாமியல் எதிர்பார்க்கும் பூச்சியங்கள் 7. தரவில் இருப்பவை 9. பாய்சான் எதிர்பார்ப்பது ஒன்றுகூட இல்லை. ஏழுக்கும் ஒன்பதுக்கும் இடைவெளி சாதாரணத் தற்செயலுக்குள் அடங்கும். ஆக, பூச்சியம் மிகுதியாகத் தெரிந்தது பாய்சானின் கண்ணுக்குத்தான். எண்ணைவிட முக்கியமான பதில் இன்னொன்று: பூச்சியம் மிகுந்த மாடலின்படி, விடுப்பே எடுக்க இயலாத ஒரு கூட்டம் இருக்க வேண்டும். காய்ச்சலே வராத, ஊர்த் திருவிழாவே இல்லாத பிள்ளைகள் யார்? அப்படி யாரையும் நான் பார்த்ததில்லை. மீன் பிடிக்காதவர்களிடமும் சேர்த்து "எத்தனை மீன் பிடித்தீர்கள்" என்று கேட்கும் ஆய்வில் அந்த மாடலுக்குப் பொருள் உண்டு.

மடக்கை எடுத்துச் சாதாரண ரிக்ரஷன் போட்டிருக்கலாமே என்ற கேள்விக்கு நீண்ட பதில் தேவைப்படவில்லை. பூச்சியத்துக்கு மடக்கை இல்லை, ஏதாவது ஒரு எண்ணைக் கூட்ட வேண்டும், எந்த எண் என்பதைப் பொறுத்து முடிவு மாறும்.

சிறிய கண்ணி ஒன்றைப் பற்றி நெறியாளர் எச்சரித்தார். பாய்சானையும் நெகட்டிவ் பைனாமியலையும் நிகழ்தகவு விகிதச் சோதனையால் ஒப்பிடும்போது, கூடுதல் பரவல் பூச்சியம் என்பதுதான் கருதுகோள். பரவல் பூச்சியத்துக்குக் கீழே போக முடியாது, ஆகவே நாம் சோதிப்பது எல்லைக்கோட்டின் மேலேயே நிற்கிறது. அங்கே வழக்கமான கை வர்க்க அட்டவணை சரியான பி மதிப்பைத் தராது, அதைப் பாதியாக்க வேண்டும். என் பி மதிப்பு பாதியானாலும் ஆகாவிட்டாலும் ஒன்றுதான், அத்தனை சிறியது. இருந்தாலும் ஆய்வேட்டில் அது தவறாக இருந்தது. திருத்தப் பட்டியலில் நானே முதலில் எழுதிக்கொண்டேன்.

பிறகு அந்தச் சங்கடமான விஷயம். ஆய்வு முன்மொழிவில் நான் எழுதியிருந்தது பாய்சான். தரவைப் பார்த்த பிறகு மாறியிருக்கிறேன். தேர்வாளர் முன்மொழிவைக் கேட்டு வாங்கிப் படித்தால்?

"மறைக்காதீர்கள்," என்றார் நெறியாளர். "முடிவு பிடித்ததால் மாறினீர்களா, பொருந்தாததால் மாறினீர்களா என்பதுதான் கேள்வி. உங்களுக்குப் பிடித்த தூரக் கண்டுபிடிப்பு மாறியதால்தானே போனது? அதைச் சொல்லுங்கள்."

எல்லாம் சேர்த்து ஒன்றரை நிமிடத்தில் சொல்லும்படி ஒரு பதிலைச் செதுக்கினேன். சமையலறைச் சுவரில் ஒட்டியிருந்த தாளில் இருந்தது இது: "நான் எண்ணியது வராத நாட்களை. ஒரே பின்னணி கொண்ட பிள்ளைகளுக்கும் நான் அளக்காத வீட்டுச் சூழல் வேறு. நாட்களும் சேர்ந்து சேர்ந்தே வருகின்றன. அதனால் பாய்சான் பொருந்தாது என்று எதிர்பார்த்திருக்க வேண்டும்; முன்மொழிவில் எதிர்பார்க்கவில்லை. எல்லா விவரங்களையும் சேர்த்த பிறகும் பரவல் அடங்காததைக் கண்டு மாறினேன். மாறியதில் என் முக்கிய முடிவு நின்றது, தூரம் பற்றிய முடிவு விழுந்தது. பரவற்படி சராசரியோடு வளைந்து கூடுவதை இந்தப் படம் காட்டுகிறது." ஏ.ஐ.சி. அதில் இல்லை. கேட்டால் சொல்லலாம்.

தேர்வு நாளன்று துறைக் கருத்தரங்கக் கூடத்தில் முப்பது பேர் இருந்தார்கள், பாதிப்பேர் வடைக்காக. ஏழாவது கேள்வி வந்தது. தாளில் இருந்ததைச் சொன்னேன். படத்தைக் கையில் வாங்கி, கடைசிப் புள்ளியைத் தொட்டு, "இது ஏன் இறங்குகிறது?" என்றார் தேர்வாளர். அந்தக் குழுவில் 11 பிள்ளைகள்தான், அவ்வளவு பேரை வைத்துக் கணக்கிடும் பரவற்படி நிலையாக இருக்காது என்றேன். தலையசைத்தார். பள்ளிகளைப் பற்றிக் கேட்டார்: ஒரே பள்ளிப் பிள்ளைகள் ஒன்றுபோல் இருப்பார்களே? பள்ளிக்குப் பள்ளி அடிப்படை அளவு மாறும்படி பள்ளிக்கொரு சமவாய்ப்பு வெட்டு வைத்திருக்கிறேன், ஆனால் 14 பள்ளிகளை வைத்துப் பள்ளிகளுக்கிடையிலான பரவலைத் துல்லியமாக அளக்க முடியாது என்றேன். அதற்கும் தலையசைப்பு.

பிறகு நான் தயாரிக்காத கேள்வி. "அம்மா, பள்ளி நடந்தது 210 நாள். ஒரு பிள்ளை 210 நாளுக்கு மேல் வராமல் இருக்க முடியாது. உங்கள் மாடலுக்கு மேல் எல்லையே கிடையாது. இது உண்மையில் 210இல் எத்தனை என்ற ஈருறுப்புக் கணக்கு இல்லையா?"

கூடம் அமைதியானது. சுவரில் ஒட்டிய தாளில் இது இல்லை. ஆனால் காமா வேகங்களைப் பற்றி மூன்று வாரம் பேசிப் பேசி, இந்தக் கேள்வியின் வடிவம் பழகியிருந்தது. யோசித்துச் சொன்னேன்: வெறும் ஈருறுப்பு மாடலிலும் இதே சிக்கல் வரும், எல்லாப் பிள்ளைக்கும் ஒரே வாய்ப்பு என்று அது சொல்லும். பிள்ளைக்குப் பிள்ளை வாய்ப்பை மாறவிட்டால் பீட்டா பைனாமியல் கிடைக்கும், அது நான் எடுத்த மாடலின் உடன்பிறப்பு. என் தரவில் பெரும்பாலான பிள்ளைகள் எல்லையிலிருந்து வெகு தொலைவில் இருக்கிறார்கள், அங்கே இரண்டும் ஏறக்குறைய ஒன்றையே சொல்லும் என்று எதிர்பார்க்கிறேன்.

"எதிர்பார்க்கிறீர்களா, பார்த்தீர்களா?"

"பார்க்கவில்லை, அய்யா."

"பார்த்துவிட்டுப் பின்னிணைப்பில் சேருங்கள்."

இரண்டு நாள் கழித்து ஓட்டினேன். தம்பி தங்கைப் பொறுப்புக்கான முடிவு அப்படியே நின்றது. தூரம் அங்கேயும் விழுந்தே கிடந்தது. பின்னிணைப்பு 6, ஒன்றரைப் பக்கம்.